மைனஸை விரட்டவா வர்க்கம்?

போன ஞாயித்துக்கிழமை அக்கா பொண்ணு போன் பண்ணினா. பி.ஏ. எகனாமிக்ஸ் முதல் வருஷம். "மாமா, மீச்சிறு வர்க்க முறைன்னு ஒண்ணு நடத்துறாங்க. புள்ளிக்கும் கோட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஏன் வர்க்கம் எடுக்கணும்?"னு கேட்டா.

"பிளஸ்ஸும் மைனஸும் அடிச்சுக்கிட்டுப் போயிரும்ல, அதுக்குத்தான்"னு கெத்தா சொன்னேன். நான் படிச்சப்போ எனக்குச் சொன்ன பதில் அதுதான்.

"மைனஸ்தான் பிரச்சனைன்னா குறியை மட்டும் தூக்கிட்டு அப்படியே கூட்டலாமே? வர்க்கம் எதுக்கு?"

கேட்டாளே ஒரு கேள்வி! "சாயங்காலம் கூப்பிடுறேன் கண்ணு"ன்னு போனை வச்சுட்டேன். இருவது வருஷமா தப்பான காரணத்தை நம்பிட்டிருந்திருக்கேன். ஒரு நாள் முழுக்க பேப்பரும் பேனாவுமா உட்கார்ந்ததுல கிடைச்சது இது. முதல் வருஷப் பசங்களுக்குப் புரியற மாதிரியே எழுதுறேன்.

கணக்குக்காக அஞ்சு வீடு வச்சுக்குவோம். மாச வருமானம் 10, 20, 30, 40, 50 ஆயிரம் ரூபாய். சாப்பாட்டுச் செலவு முறையே 6, 8, 13, 14, 19 ஆயிரம். வருமானத்தோட சராசரி 30, செலவோட சராசரி 12. இந்த அஞ்சு புள்ளிக்கும் நடுவுல ஒரு கோடு போடணும். எந்தக் கோடு போட்டாலும் எல்லாப் புள்ளியும் அதுமேல உட்காராது. நிஜச் செலவுலேர்ந்து கோடு சொல்ற செலவைக் கழிச்சா வர்றதை 'மிச்சம்'னு கூப்பிடுவோம்.

முதல்ல, மிச்சத்தை எல்லாம் சும்மா கூட்டி, கூட்டல் சைபர் வர்ற கோட்டை எடுத்தா என்ன ஆகும்? 12 ஆயிரத்துல படுக்கையா ஒரு கோடு போடுங்க. மிச்சம் -6, -4, 1, 2, 7. கூட்டினா சைபர். சரி, (30, 12) வழியா கீழ்நோக்கி இறங்கற மாதிரி, அதாவது வருமானம் கூடக்கூட சாப்பாட்டுச் செலவு குறையுதுன்னு சொல்ற கோடு போடுங்க. அதுக்கும் சைபர்! அந்தச் சராசரிப் புள்ளி வழியா போற எந்தக் கோட்டுக்கும் (செங்குத்தா நிக்கிறதைத் தவிர) சைபர்தான். ஆக இது உதவாது. இதுவரைக்கும் நான் சொன்ன பதில் சரி.

அடுத்தது அவ சொன்ன வழி. குறியைத் தூக்கிட்டு தூரத்தை மட்டும் கூட்டி, அது எங்கே குறைவா வருதுன்னு பாக்கறது. இது முட்டாள்தனமான யோசனை இல்லீங்க. 1757-லயே பாஸ்கோவிச் பூமியோட வடிவத்தைக் கணக்குப் போட இதை ஒட்டின வழியைத்தான் சொன்னார். வர்க்க முறையை லெஜாந்தர் அச்சுல கொண்டுவந்தது 1805-ல, வால்நட்சத்திரப் பாதை பத்தின புத்தகத்துல. ஆக குறியைத் தூக்கற வழிதான் மூத்தது.

நம்ம அஞ்சு வீட்டுக்கு ரெண்டையும் போட்டுப் பார்த்தேன். தூர முறைல ஜெயிக்கிறது முதல் வீட்டையும் கடைசி வீட்டையும் சேர்க்கிற கோடு: y = 2.75 + 0.325x. வர்க்க முறைல ஜெயிக்கிறது y = 2.4 + 0.32x. தூரங்களைக் கூட்டினா முதல் கோட்டுக்கு 3.5, ரெண்டாவதுக்கு 4. வர்க்கங்களைக் கூட்டினா முதல் கோட்டுக்கு 4.875, ரெண்டாவதுக்கு 3.6. அவங்கவங்க பந்தயத்துல அவங்கவங்க ஜெயிக்கிறாங்க. அப்போ எந்தப் பந்தயம் நமக்கு வேணும்?

இங்கதான் எனக்குப் பழைய பேப்பர்காரர் ஞாபகம் வந்தார். கொக்கி மாட்டின ஸ்பிரிங் தராசு வச்சிருப்பாரே, அதேதான். ஸ்பிரிங் ரெண்டு மடங்கு நீண்டா ரெண்டு மடங்கு எடை. ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு ஆணி அடிச்சு, ஆணிக்கும் கோட்டுக்கும் நடுவுல மேலும் கீழுமா மட்டும் இழுக்கிற ஒரு ஸ்பிரிங் மாட்டினதா நினைச்சுக்குங்க. கோடு ஒரு கம்பி. தள்ளி இருக்கிற புள்ளி பலமா இழுக்கும், கிட்ட இருக்கிறது லேசா இழுக்கும். கொஞ்ச நேரம் ஆடிட்டு கம்பி ஒரு இடத்துல நிக்கும். அந்த இடம்தான் மீச்சிறு வர்க்கக் கோடு. ஸ்பிரிங்கை இழுத்து நீட்ட ஆகிற வேலை, நீளத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி வரும். எல்லா ஸ்பிரிங்லயும் சேர்ந்து அது குறைவா இருக்கிற இடத்துலதான் கம்பி ஓயும்.

குறியைத் தூக்கற முறைலயும் ஆணி இருக்கு, ஆனா ஸ்பிரிங் இல்லை. கப்பி போட்டு ஒவ்வொரு ஆணியிலும் ஒரே ஒரு கிலோ கல்லைத் தொங்கவிட்ட மாதிரி. புள்ளி பக்கத்துல இருந்தாலும் பத்து மைல் தள்ளி இருந்தாலும் அதே ஒரு கிலோ இழுப்புதான். வீட்டுக்கு ஒரு ஓட்டு. அதனாலதான் கோட்டுக்குப் பதிலா ஒரே ஒரு எண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொன்னா, தூர முறை இடைநிலையைக் கொடுக்குது, வர்க்க முறை சராசரியைக் கொடுக்குது.

ஆக வர்க்கம் மைனஸை விரட்ட வந்ததில்லை. ஒவ்வொரு தப்பும் எவ்வளவு பலமா இழுக்கணும்னு முடிவு பண்ண வந்தது.

கம்பி ஓயணும்னா ரெண்டு விஷயம் சரியாகணும். ஒண்ணு, மேல இழுக்கிறதும் கீழ இழுக்கிறதும் சமமாகணும். நம்ம கோட்டுக்கு மிச்சம் 0.4, -0.8, 1, -1.2, 0.6. கூட்டிப் பாருங்க, சைபர். ரெண்டு, கம்பி சாயாம நிக்கணும். இது பார்க்குல இருக்கிற சீசா மாதிரி. நடுவுலேர்ந்து எவ்வளவு தள்ளி உட்கார்ந்து அழுத்துறோம்கிறதும் கணக்கு. நடு 30. அதுலேர்ந்து வீடுகளோட தூரம் -20, -10, 0, 10, 20. இதை மிச்சத்தால பெருக்கினா -8, 8, 0, -12, 12. சைபர்! வகையீடு எடுத்து சைபருக்குச் சமப்படுத்துன்னு வகுப்புல சொல்றாங்களே, அப்போ வர்ற ரெண்டு சமன்பாடு இதேதான்.

பொருளாதாரத்துக்கு இது ஏன் வசதி? முதல் சமநிலையால, கோடு சொல்ற செலவையெல்லாம் கூட்டினா நிஜ மொத்தமான 60 ஆயிரம் அப்படியே வரும். தூர முறைக் கோடு 62.5 ஆயிரம்னு சொல்லும். ஊர் முழுக்க மொத்தம் எவ்வளவு செலவுன்னு கேக்கறவங்களுக்கு சராசரிதான் வேணும். ரெண்டாவது சமநிலைக்கு அர்த்தம், வருமானத்தை வச்சு நேர்கோட்டுல சொல்லக்கூடியது எதுவும் மிச்சத்துல பாக்கி இல்லைங்கிறது. அதோட சாய்வு ஒரே வகுத்தல்ல வந்துரும்: 320-ஐ 1000-ஆல வகுத்தா 0.32. (320, ரெண்டு பக்க விலகலையும் பெருக்கிக் கூட்டினது. 1000, வருமான விலகலோட வர்க்கங்களோட கூட்டல்.) தூர முறைக்கு இப்படி நேரா ஒரு சூத்திரம் கிடையாது, தேடிப் பிடிக்கணும்.

இப்போ என் சொந்தக் கதை. காலேஜ் கடைசி வருஷ பிராஜெக்ட்டுக்கு வீடு வீடா போய் இதே மாதிரி கணக்கெடுத்தேன். அதுல ஒரு எண்ணைத் தலைகீழா அடிச்சுட்டேன். நம்ம அஞ்சு வீட்டுலயே செஞ்சு காட்டுறேன். கடைசி வீட்டு 19-ஐ 91-னு அடிங்க. கோடு y = -26.4 + 1.76x ஆயிரும். ஆயிரம் ரூபாய் கூட வந்தா 1,760 ரூபாய்க்குச் சாப்பிடுவாங்களாம்! முதல் வீட்டுக்கு மைனஸ் 8,800 ரூபாய் செலவாம்!

"மிச்சம் பெருசா இருக்கிற வீட்டைப் பாரு, தப்பு அங்க இருக்கும்"னு சொன்னாங்க. பார்த்தேன். மிச்சம் 14.8, -0.8, -13.4, -30, 29.4. பெருசு எது? நாலாவது வீடு! அந்தப் பாவப்பட்ட வீட்டுல ஒரு தப்பும் இல்லை. தப்பான அஞ்சாவது புள்ளி சீசாவோட நுனியில உட்கார்ந்து கோட்டையே தன் பக்கம் இழுத்துக்கிச்சு. அதனால அதோட மிச்சம் குறைஞ்சு போச்சு. திருடனை விட்டுட்டு பக்கத்து வீட்டுக்காரனைப் பிடிச்ச கதை. நானும் அப்படித்தான் ஒரு நல்ல வீட்டைத் தூக்கிப் போட்டுட்டு பிராஜெக்டைக் கொடுத்தேன். வைவாவுல என் டேபிளைப் பார்த்த சார் "இந்த வீட்டுல மைனஸ்ல சாப்பிடுறாங்களாப்பா?"ன்னு கேட்டார். அந்தச் சிரிப்பு இன்னும் காதுல கேக்குது :-(

இதே தப்பை நடு வீட்டுல பண்ணியிருந்தா? 13-ஐ 31-னு அடிச்சா கோடு 3.6 ஆயிரம் மேல தூக்கும், ஆனா சாய்வு அதே 0.32-தான். சீசா நடுவுல எவ்வளவு குண்டானவர் உட்கார்ந்தாலும் அது சாயாதே. ஆக, தப்பு எவ்வளவு பெருசுங்கிறதை விட அது எங்க உட்கார்ந்திருக்குங்கிறதுதான் சாய்வைக் கெடுக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரே சுலபமான வழி, கணக்கைப் போடறதுக்கு முன்னாடி புள்ளிகளை வரைஞ்சு கண்ணால பாக்கறது.

நியாயத்துக்குச் சொல்லணும்னா, அந்த 91-ஐ தூர முறைகிட்ட கொடுத்தா அது அசராது. எவ்வளவு தள்ளிப் போனாலும் ஒரு ஓட்டுதானே. ஆனா அதுலயும் ஒரு வம்பு. (30, 13) வழியா 0.35-லேர்ந்து 0.5 வரைக்கும் எந்தச் சாய்வுல கோடு போட்டாலும் தூரங்களோட கூட்டல் 75-தான் வருது. எந்தக் கோடுன்னு கேட்டா கையை விரிச்சிரும். வர்க்க முறை அப்படி விரிக்காது. வருமானம் எல்லா வீட்டுக்கும் ஒண்ணாவே இல்லாத வரைக்கும் ஒரே ஒரு கோடுதான்.

சாயங்காலம் போன் பண்ணி இவ்வளவும் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, "அப்போ ஒரு புள்ளி ரொம்பத் தள்ளி நின்னா, அதைப் பலமா இழுக்க விடலாமா வேண்டாமான்னு நாமதான் முடிவு பண்ணணும், இல்ல மாமா?"ன்னா. ஆமா கண்ணு. அது நிஜமாவே 91 ஆயிரத்துக்குச் சாப்பிடுற வீடா, இல்ல என்னை மாதிரி ஒருத்தன் தலைகீழா அடிச்சதான்னு சூத்திரத்துக்குத் தெரியாது. அந்த வீட்டுக் கதவைத் திரும்பத் தட்டித்தான் பாக்கணும்.

நான் அன்னிக்குத் தூக்கிப் போட்ட அந்த நல்ல வீட்டுக்காரங்க ரெண்டு தடவை மோர் கொடுத்தாங்க. கணக்குல அவங்க இல்லை. அதுதான் இன்னும் உறுத்துது.