சளி பிடித்து எத்தனை நாள் ஆச்சு? சைனஸ் தொற்றைக் காட்டிக்கொடுக்கும் நாள் கணக்கு!

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் குழித்தறியில் பட்டு நெய்கிறவர் அவர். வயது 45. தை முகூர்த்தத்துக்கான சேலை தறியில் பாதியில் நிற்கும்போது சளி பிடித்துக்கொண்டது. தறியில் உட்காராத நாளுக்குக் கூலி கிடையாது.

மூன்றாம் நாள் மூக்குச்சளி மஞ்சளாக மாறியதும் மனைவி பயந்துவிட்டார். "என்னங்க, மெடிக்கல்ல சொல்லி ஆன்டிபயாடிக் வாங்கிட்டு வந்துடட்டுமா?" என்றார்.

பல வீடுகளில் நடப்பதுதான் இது. ஆனால், நிறத்தை வைத்து மட்டும் பாக்டீரியா தொற்று என்று முடிவு செய்ய முடியாது. வைரஸை எதிர்க்க வரும் வெள்ளை அணுக்கள் சேர்ந்தாலே சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறும். சாதாரண சளி முதல் சில நாள்கள் படுத்தும். பிறகு மெள்ளக் குறைந்து, பெரும்பாலும் 7 முதல் 10 நாள்களில் அடங்கிவிடும். வைரஸிடம் ஆன்டிபயாடிக் வேலை செய்யாது.

அவருக்கும் ஐந்தாம் நாள் மூக்கு திறந்தது. தறியில் போய் உட்கார்ந்தார். ஏழாம் நாள் கதை மாறியது. மறுபடி காய்ச்சல், வலது கன்னத்தில் பாரம், மேல் பல்லில் வலி. ஊடு நூலைப் பார்க்கக் குனிந்தால் கன்னம் தெறித்தது. சொத்தைப் பல் என்றே நினைத்தார்.

கன்னம், நெற்றி எலும்புகளுக்குள் இருக்கும் காற்றறைகள்தான் சைனஸ். அவற்றிலிருந்து மூக்குக்குள் திறக்கும் வழி மிகச் சிறியது. சளியால் அது வீங்கி அடைபட்டால், உள்ளே தேங்கும் நீரில் சில சமயம் பாக்டீரியா வளரும். கன்னத்துச் சைனஸ் மேல் பற்களின் வேருக்கு மேலேயே இருப்பதால்தான் பல்லும் வலிக்கிறது.

டாக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லவில்லை. நாள் கணக்கைத்தான் கேட்டார். 10 நாள் கடந்தும் கொஞ்சம்கூடக் குறையாத சளி, குறைந்து வந்து மறுபடி கூடும் சளி, ஆரம்பத்திலேயே 102 டிகிரி காய்ச்சலும் கெட்டிச்சளியும் முகவலியுமாக 3, 4 நாள் நீடிப்பது. இந்த மூன்றில் ஒன்று இருந்தால் பாக்டீரியாவைச் சந்தேகிக்க வேண்டும். அவருடையது இரண்டாவது வகை. 7 நாளைக்கு ஆன்டிபயாடிக் எழுதிக்கொடுத்தார். மூன்றாம் நாளே வலி குறைந்தாலும், மாத்திரையை முழுவதும் முடித்தார்.

அந்தக் கட்டம் வராதவரை காய்ச்சலுக்கு பாரசிட்டமால், கொதிக்கவைத்து ஆறிய நீரில் உப்பு கலந்து மூக்கைக் கழுவுவது போதும். அடைப்பைத் திறக்கும் மூக்குச் சொட்டு மருந்தை 3 நாள்களுக்கு மேல் தொடர வேண்டாம். தொடர்ந்தால் அதுவே அடைப்பை உண்டாக்கும்.

கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரண்டாகத் தெரிவது, தாங்க முடியாத தலைவலி, கழுத்து இறுக்கம், மனக்குழப்பம்... இவற்றில் எது வந்தாலும் நாள் எண்ண வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.