ஆண்டில்லாத எண்கள்

கம்பம் பள்ளத்தாக்கில் பி.ஏ. வரலாறு படித்தேன். 2016 ஏப்ரலில் பாசன வரலாறு தேர்வு. அதற்கு முந்தைய ராத்திரி நான் செய்த காரியத்தைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அந்தப் பாடத்துக்குச் சரியான புத்தகம் கிடையாது. என் கிறுக்கல் நோட்டு, சீனியர் ஒருவரின் ஜெராக்ஸ், பத்திரிகைத் துணுக்குகள், கூடலூர் நண்பன் கொடுத்த நாலைந்து தாள்கள், இவ்வளவுதான் கையிருப்பு. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கைடாக எழுதித் தருகிறேன் என்று வகுப்பில் வாக்குக் கொடுத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. பெருமைக்காக நானே கொடுத்தது.

சாப்பிட்டு முடித்ததும் கூடத்துத் தரையில் உட்கார்ந்தேன். ஐந்து அலகுக்கு ஐந்து வெள்ளைத் தாளில் தலைப்பு எழுதி வரிசையாக வைத்தேன். ஃபேன் காற்றில் பறக்காமல் இருக்க அம்மாவின் படி, உழக்கு, அம்மிக்குழவி எல்லாம் மேலே ஏறின. ஒவ்வொரு துண்டையும் படித்து அதற்குரிய அலகில் போட்டேன். ஒரே செய்தி இரண்டு தாளில் இருந்தால், விரிவானதை வைத்துக்கொண்டு மற்றதை ஓரமாகத் தள்ளினேன். இரண்டு அலகுக்கும் பொருந்துவதற்கு ஒரு துண்டுச் சீட்டு. பன்னிரண்டு மணி வரைக்கும் வேலை ஒழுங்காகத்தான் போனது.

முல்லைப் பெரியாறு வந்ததும் சிக்கிக்கொண்டேன். அணையின் நீர்மட்டம் என்று சீனியர் நோட்டில் 152 அடி. பத்திரிகைத் துணுக்கு ஒன்றில் 136. இன்னொன்றில் 142. என் நோட்டில் 104. கூடலூர்க்காரன் தாளில் நான்கும் இருந்தன, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குறிப்போடு. ஆனால் கையெழுத்து கோழி கிளறியது போல. நடுவில் டீக்கறை வேறு.

அந்த நேரத்தில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எந்த எண் எப்போதைக்கு, எதற்கு? நான் கேட்டதோ, எது சரி, எது தப்பு? நாலு பேர் நாலு எண் எழுதியிருந்தால் மூன்று பேர் தப்பு என்று என் தூக்கக் கலக்கம் தீர்ப்புச் சொன்னது. புதிதாக இருந்த 142-ஐ எடுத்துக் கட்டம் போட்டு, சிவப்பு மையில் அடிக்கோடிட்டேன். நண்பனின் தாளைக் கழித்த கட்டில் போட்டேன்.

நாலுமே சரி. 152 அடி என்பது 1895-இல் கட்டி முடித்த அணைக்கு வகுத்திருந்த முழுக் கொள்ளளவு மட்டம். அணையின் பலத்தைப் பற்றி அச்சம் கிளம்பியதால், பலப்படுத்தும் வேலைக்காக 1979-இல் 136 அடியாகக் குறைத்தார்கள். 142 வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் சொன்னது. கேரளம் அதைத் தடுக்கச் சட்டத் திருத்தம் கொண்டுவர, 2014 மே மாதம் அந்தத் திருத்தம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. 104 அடி வேறு சங்கதி. நீர் அதற்குக் கீழே இறங்கிவிட்டால் சுரங்கம் வழியாக நம் பக்கம் வராது. அணையில் தண்ணீர் இருக்கும், கம்பத்து வயலுக்கு வராது. இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவனுக்கு இதைச் சொல்லித்தர ஆள் வேண்டுமா? அன்றைக்கு எனக்கு வேண்டியிருந்தது. கூடலூர் நண்பன் எழுதிக் கொடுத்தும் இருந்தான். நான்தான் ஓரமாகப் போட்டேன்.

காலையில் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பதினோரு பிரதி. பஸ்ஸில் அதைப் புரட்டிப் பார்த்த கூடலூர்க்காரன் கேட்டான்.

"மாப்ள, நான் வருஷம் போட்டு எழுதிருந்தேனே, அது எங்கடா?"

"எல்லாம் இருக்குடா. தேவையில்லாததை மட்டும் எடுத்துட்டேன்."

"அப்ப என் தாளைக் குடு, ஒரு தடவை பாத்துக்கிறேன்."

"வீட்டுல எங்கயோ விழுந்துருச்சு போல."

பொய். என் பைக்குள்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தால் என் கட்டமும் சிவப்புக் கோடும் பல்லிளித்துவிடும் என்று தெரிந்துவிட்டது. அவன் கேட்ட அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது என்பதுதான் இதில் அசிங்கம்.

வினாத்தாளில் பத்து மதிப்பெண் கேள்வி: பெரியாறு அணையின் நீர்மட்டம் காலந்தோறும் மாறிய வரலாற்றை விளக்குக. என் கைடை நம்பியவர்களிடம் ஒரே ஒரு எண் இருந்தது. வெளியே வந்ததும் ஒருத்தி, "கைடுல இது இல்லையே" என்றாள். "சிலபஸ்ல இல்லாததைக் கேட்டுட்டாங்க" என்றேன். நம்பினாள். கூடலூர்க்காரன் மட்டும் ஞாபகத்தில் இருந்ததை வைத்து எழுதினான். 136-க்கு எந்த ஆண்டு என்பதில் தடுமாறிவிட்டதாகச் சொன்னான். அந்த ஆண்டு அவன் கையாலேயே எழுதிய தாள், அவனிடமிருந்து இரண்டடி தள்ளி என் பையில்.

அவனைக் கேட்டால் இன்றைக்கும் அந்தத் தாள் தொலைந்துபோனதாகத்தான் சொல்வான். தொலையவில்லை. டீக்கறையோடு என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது.