பெறுநர் இல்லாத மனு

ராயகிரியில் ஞாயிற்றுக்கிழமை மாலை விளக்கேற்றும் நேரத்தில் அந்தப் பெரியவரின் திண்ணையில் நாலைந்து பேராவது காத்திருப்பார்கள். திங்கட்கிழமை காலை தென்காசி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம். அதில் கொடுக்க வேண்டிய மனுவை முதல்நாளே எழுதி வாங்கிக்கொண்டு முதல் பேருந்தில் கிளம்புவது சுற்றுவட்டாரத்தாருக்கு வழக்கம். தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். காகிதத்தோடு சேர்த்து இருபது ரூபாய். இல்லாதவர்களிடம் அதுவும் கேட்பதில்லை.

கார்த்திகை மாதத்து ஞாயிறு ஒன்றில், எல்லோரும் எழுதி வாங்கிச் சென்ற பிறகு, எழுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் படியேறி வந்து அமர்ந்தார். ஒரு தெரு தள்ளி இருப்பவர். கணவர் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன.

"அண்ணாச்சி, எனக்கு ஒரு பிராது எழுதணும்."

"எழுதிருவோம் தாயி. யாருக்கு?"

"யாருக்கும் இல்ல."

"சரி, யாரு மேல?"

"யாரு மேலயும் இல்ல. ஒருத்தரும் ஒரு குத்தமும் செய்யல."

"என்ன செஞ்சு தரணும்னு கேக்கணும்?"

"ஒண்ணும் வேண்டாம். எழுதுனாப் போதும்."

பெரியவர் பேனாவை மூடிக் கீழே வைத்தார்.

மனு என்பதற்கு மூன்று கால்கள் உண்டு என்று அவர் எல்லோரிடமும் சொல்வார். யாரிடம் சொல்கிறோம், என்ன நடந்தது, என்ன வேண்டும். பெறுநர் இல்லையென்றால் அந்தத் தாளை எந்த அலுவலகத்து மேசைக்கு அனுப்புவது என்று தெரியாது. நடந்தது இன்னதென்று நாளும் இடமும் குறித்து எழுதவில்லையென்றால், விசாரிக்க வருகிற கிராம நிர்வாக அலுவலர் யாரைப் பார்த்து என்ன கேட்பார்? வேண்டுவது இன்னதென்று சொல்லாத மனுவுக்கு 'இது தகவலுக்காக' என்று ஒரு குறிப்பு எழுதிக் கோப்பில் வைத்துவிடுவார்கள். நீதிமன்றம் இன்னும் கறார். 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில், வழக்குக்கான காரணத்தை வெளிப்படுத்தாத வழக்குரையைத் தொடக்கத்திலேயே நிராகரிக்க வேண்டும் என்று ஏழாம் கட்டளையின் பதினோராம் விதி சொல்கிறது.

தெய்வ சந்நிதியிலும் இந்த மூன்றும் வேண்டும் என்பதை நம் அன்பர்களில் பலர் அறிவார்கள். விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயிலில் 'பிராது கட்டுதல்' என்றொரு வழிபாடு உண்டு. முருகப்பெருமான் அங்கே பலிபீட வடிவில் எழுந்தருளியிருக்கிறார். மனக்குறை உள்ளவர் வெள்ளைத்தாளில் சுவாமியின் பெயரை விளித்து, தம் பெயரையும் ஊரையும் சொல்லி, நேர்ந்த குறையையும் வேண்டுவதையும் எழுதி சந்நிதியில் வைத்துப் பூசித்து, முனியப்பர் சந்நிதியில் கட்டிவிட்டு வருவார். மூன்று நாளிலோ, மூன்று வாரத்திலோ, மூன்று மாதத்திலோ குறை தீரும் என்பது நம்பிக்கை. தீர்ந்த பிறகு மீண்டும் வந்து பிராதைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். அதற்குப் பெயர் 'ராஜினாமா'. வேண்டியது நிறைவேறினால்தானே ராஜினாமா? வேண்டுவதே ஒன்றுமில்லாத பிராதை எதைக் கொண்டு திரும்பப் பெறுவது?

கண்ணகி பாண்டியன் அவையில் நின்றபோதுகூடத் தன் ஊரைச் சொன்னாள், கணவன் பெயரைச் சொன்னாள், குற்றம் இன்னதென்று சொன்னாள், சிலம்பை உடைத்துச் சான்றும் காட்டினாள். பெரியவர் இதை வேடிக்கையாகச் சொல்வதுண்டு: தமிழில் எழுதப்பட்ட மனுக்களில் குறையில்லாத மனு அது ஒன்றுதான் என்று.

ஆனால் இந்த மூன்றையும் ஒருவர் விட்டுவிட்டுப் பேசும்போது அவருக்கு ஒரு சந்தேகம் எழும். பெயர் சொல்லாத முதியவர்களின் நாவில் பெரும்பாலும் ஒளிந்திருக்கும் பெயர் பெற்ற பிள்ளையுடையது. பயத்தினால் சொல்லாமல் இருப்பவரும் உண்டு. பிள்ளையைக் காட்டிக்கொடுக்க மனம் வராமல் சொல்லாதவரும் உண்டு. முன்னவரை அப்படியே அனுப்பிவிடக் கூடாது. ஆகையால் அவர் நேராகக் கேட்கவில்லை. பக்கத்துப் பேச்சுப்போலச் சிலவற்றைக் கேட்டார். முதியோர் உதவித்தொகை யார் கையில் வருகிறது? வங்கிப் புத்தகமும் ஏ.டி.எம். அட்டையும் யாரிடம் இருக்கின்றன? பிரஷர் மாத்திரை தீர்ந்தால் யார் வாங்கி வருகிறார்கள்? அண்மையில் எந்தத் தாளிலாவது கைநாட்டு வைக்கச் சொன்னார்களா? இங்கே வருவதை வீட்டில் சொல்லிவிட்டு வந்தாரா?

புத்தகம் அம்மையாரின் மரப்பெட்டியில்தான் இருந்தது. மாத்திரையை மகன் மாதந்தவறாமல் வாங்கி வந்தான். "அண்ணாச்சி வீட்டுக்குப் போயிட்டு வாரேன்" என்று மருமகளிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார். பதில் சொல்லும்போது வாசலைத் திரும்பிப் பார்க்கவில்லை, குரலும் தணியவில்லை. பயந்தவர் இப்படி இருக்க மாட்டார் என்பது பெரியவரின் நெடுநாள் அனுபவம்.

வீடு மட்டும் மகன் பெயரில் இருந்தது. கணவர் போன மறுவருடமே தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டாராம்.

"பத்திரத்துல 'கடைசிவரை வச்சுப் பராமரிக்கணும்'னு ஒரு வரி இருக்கா?"

"தெரியல. கையெழுத்துப் போட்டேன்."

பெரியவர் சட்டத்தை ஒரே ஒருமுறை, நிதானமாகச் சொன்னார். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நல்வாழ்வுச் சட்டம் 2007-இல் வந்தது. பிள்ளைகள் பராமரிக்கவில்லையென்றால் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம், நமக்குச் சங்கரன்கோவில். மாதம் பத்தாயிரம் ரூபாய் வரை கொடுக்கும்படி அவர் உத்தரவிடலாம். பராமரிப்போம் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தைப் பராமரிக்காமல் விட்டால், அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கவும் சட்டத்தில் இடமுண்டு. அந்த ஒரு வரி பத்திரத்தில் இருந்தால் வழி எளிது. இல்லாவிட்டால் வாதாட வேண்டியிருக்கும். எழுத முடியாதவருக்காக இன்னொருவர் மனுக் கொடுக்கலாம். ஒருவரும் கொடுக்காவிட்டாலும், செய்தி தெரிந்து தீர்ப்பாயம் தானாகவே எடுத்து விசாரிக்கவும் செய்யலாம். அம்மையார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"அதெல்லாம் சோறு போடாதவனுக்கு. எம் புள்ள சோறு போடுதான்."

"பொறவு எதுக்குத் தாயி பிராது?"

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, ஆடித்தபசுக்கு வேன் வைத்துப் போனார்கள் என்றார். கல்யாணமாகி ராயகிரிக்கு வந்த வருடத்திலிருந்து கோமதியம்மன் தபசை அவர் விட்டதில்லை. மாட்டுவண்டியில் போயிருக்கிறார், கைக்குழந்தையோடு பேருந்தில் நின்றுகொண்டு போயிருக்கிறார். அரனும் அரியும் ஓருருவாய்க் காட்சி கொடுக்கும் அந்த மாலைப்பொழுதுக்காகவே ஆடி பிறக்கும் என்று நினைத்திருந்தவர். இந்த வருடம் வேனில் பன்னிரண்டு இடம். மகன், மருமகள், பேரப்பிள்ளைகள், சம்பந்தி வீட்டார் என்று சரியாகப் பன்னிரண்டு பேர். முழங்கால் வலிக்காரரை அந்தக் கூட்டத்தில் யாரால் நடத்திக்கொண்டு போக முடியும்? அதில் குற்றமில்லை. திரும்பி வரும்போது புற்றுமண் பிரசாதம் கொண்டுவந்து நெற்றியில் இட்டார்கள். அதிலும் குறையில்லை.

"வாரியான்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா, வரலன்னுதான் அண்ணாச்சி சொல்லியிருப்பேன்."

அவ்வளவுதான். நாலு மாதமாக நெஞ்சில் கிடந்தது அது.

இந்த இடத்தில் வேறொருவராக இருந்தால் மகனைக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை சொல்லியிருப்பார். அது தவறென்றும் சொல்வதற்கில்லை. பெரியவர் அப்படிச் செய்யவில்லை. அவருக்குத் திருவாரூர்ப் பசு நினைவுக்கு வந்தது. மனுநீதிச் சோழன் வாசலில் மணியை அசைத்த அந்தப் பசு இன்னார் செய்தார் என்று சொல்லவில்லை. இன்ன தண்டனை வேண்டும் என்றும் கேட்கவில்லை. கன்று தேர்க்காலில் பட்டதை எடுத்துச் சொன்னவர் அமைச்சர். தேரை மகன்மேல் செலுத்தியது அரசனின் தீர்ப்பு. பசுவினுடையது மணியோசை மட்டுமே. பெரிய புராணத் தொடர் சொற்பொழிவில் ஆண்டுதோறும் கேட்ட கதைதான். அன்றுதான் அதை ஒரு மனுவாக அவர் நினைத்துப் பார்த்தார்.

புதிய தாள் எடுத்தார். அனுப்புநர் என்று எழுதி அம்மையாரின் பெயரும் தெருவும் எழுதினார். பெறுநர் என்ற சொல்லை எழுதவில்லை. அந்த இடத்தை மூன்று விரற்கடை வெறுமையாக விட்டார். பொருள் என்பதும் இல்லை. கீழே அவர் சொன்னதைச் சொன்ன வரிசையிலேயே எழுதினார்: எந்த வயதில் ராயகிரிக்கு வந்தது, முதல் தபசுக்கு யாரோடு போனது, இந்த ஆடியில் வேன் எத்தனை மணிக்குக் கிளம்பியது, அது தெருமுனை திரும்பும்வரை எங்கே நின்று பார்த்தது. 'கேட்கவில்லை' என்ற சொல்லை எழுதப் போனவரை அம்மையார் தடுத்தார். அது மகன்மேல் குற்றமாகிவிடுமாம். 'நான் திண்ணையில் இருந்தேன்' என்று எழுதச் சொன்னார்.

முடிக்கும்போது கை பழக்கத்தில் 'ஆகவே தாங்கள்' என்று எழுதிவிட்டது. நாற்பது வருடப் பழக்கம் அது. வாசித்துக் காட்டியபோது அம்மையார் அந்த இடத்தில் கையை உயர்த்தினார்.

"அது வேண்டாம்."

மனுவில் அடித்தல் திருத்தல் இருந்தால் பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். இதற்கு யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? இருந்தாலும் அவர் அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு வேறொரு தாளில் முதலிலிருந்து எழுதினார். வேன் கிளம்பிய நேரத்தோடு எழுத்து நின்றுவிட்டதுபோல் இருந்தது. திண்ணையை எழுதி நிறுத்தினார். அம்மையார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டித் தம் பெயரை எழுதினார். கைநாட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"நகல் ஒண்ணு வச்சுக்கிடணும் தாயி. எந்த மனுவுக்கும் நகல் இருக்கணும்."

"நீங்களே வச்சுக்கிடுங்க."

தாளை எட்டாக மடித்துச் சுருக்குப்பையில் வைத்து முடிந்துகொண்டார். இருபது ரூபாயை எண்ணி வைத்தார். பெரியவர் மறுக்க நினைத்து, பிறகு வாங்கிக்கொண்டார். அடுத்த வெள்ளிக்கிழமை சங்கரன்கோவில் பேருந்தில் அம்மையார் தனியே போனதைத் தெருவில் பார்த்தவர்கள் உண்டு. அந்தத் தாள் அம்மன் உண்டியலில் விழுந்ததா, சுருக்குப்பையிலேயே திரும்பி வந்ததா என்று பெரியவர் விசாரிக்கவில்லை.

அவரிடம் ஒரு பதிவேடு உண்டு. நாள், மனுதாரர், யாருக்கு, எது குறித்து, முடிவு என்று ஐந்து கட்டம். அன்றைய கடைசி வரியில் நாளையும் பெயரையும் எழுதி மற்ற மூன்றையும் வெறுமையாக விட்டார். பட்டா மாறுதலுக்கு எழுத வேண்டும் என்று ஒருவர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.