கயிறும் பாம்பும் தோட்டத்துத் தண்ணிக் குழாயும்

அப்பாவின் எட்டுச் செலவுக்கு வந்திருந்த ஒருவர், அழுதுகொண்டிருந்த அம்மாவிடம் “எல்லாம் மாயைதானே அக்கா, அழாதேங்கோ” என்று சொன்னார். ஆறுதலாகத்தான் சொன்னார். அம்மா ஒன்றும் பேசவில்லை. ஆனால் பக்கத்தில் இருந்த என் பத்து வயது மகள் அன்றிரவு கேட்டாள்: “மாயை எண்டால் பொய்தானே அம்மா? அப்ப அம்மப்பாவும் பொய்யா?”

இந்தக் கேள்வியை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை. ‘உலகம் மாயை’ என்பதை எங்கட வீடுகளில் மரண வீட்டுக்கும் காசு தொலைந்ததற்கும் ஒரேமாதிரிச் சொல்லிவிடுகிறோம். அத்வைதம் அந்தச் சொல்லால் எதைக் குறிக்கிறது என்பதைக் கயிறு–பாம்பு உவமை மிகத் துல்லியமாகக் காட்டுகிறது. மாண்டூக்ய காரிகை எழுதிய கௌடபாதர் இதைச் சொல்லியிருக்கிறார். இவரைச் சங்கரரின் குருவுக்குக் குரு என்பார்கள். இருட்டில் சரியாகத் தெரியாத கயிற்றை ஒருவன் பாம்பென்கிறான், இன்னொருவன் தண்ணீர் ஓடிய தடம் என்கிறான். கயிறென்று தெரிந்ததும் இரண்டும் போய்விடுகின்றன.

இங்கே பிள்ளைகளுக்குக் கயிற்றைவிட வசதியான பொருள் ஒன்று உண்டு. டேனிஷில் பாம்புக்கும் ‘ஸ்லாங்க’தான், தோட்டத்துக்குத் தண்ணி விடுகிற குழாய்க்கும் ‘ஸ்லாங்க’தான். கோல்டிங்கில் நவம்பர் கடைசியில் பின்னேரம் நாலு மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும். பின்வளவுப் பாதையில் குழாய் வளைந்து கிடக்கிறது. கதவைத் திறந்து வெளியில் கால் வைக்கும் பிள்ளை ‘ஸ்லாங்க!’ என்று கத்திக்கொண்டு பின்னுக்குப் பாய்கிறது. டென்மார்க்கில் விஷப்பாம்பு ஹுகோர்ம் ஒன்றுதான், அதுவும் குளிர்காலத்தில் நிலத்துக்குள் உறங்கும். பயத்துக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது.

இனி ஒவ்வொன்றாகப் பார்த்தோம். வெளியில் கும்மிருட்டாக இருந்திருந்தால் பாம்பு தெரிந்திருக்குமா? இல்லை, அங்கே ஒன்றுமே தெரிந்திருக்காது. பட்டப்பகலாக இருந்தால்? அப்போதும் பாம்பில்லை, குழாய்தான் தெரியும். அரை வெளிச்சத்தில்தான் பாம்பு வருகிறது. ‘அங்கே ஏதோ ஒன்று கிடக்கிறது’ என்பது சரியாகவே தெரிகிறது. அது என்ன என்பதுதான் மறைந்திருக்கிறது. அந்த மறைந்த இடத்தில், முன்பு படத்திலோ மிருகக்காட்சிச் சாலையிலோ பார்த்த பாம்பை மனம் கொண்டுவந்து வைக்கிறது. ஒன்றின் மேல் இன்னொன்றை இப்படி ஏற்றிவைப்பதைச் சங்கரர் அத்யாசம் என்கிறார். குழாயே கிடக்காவிட்டால் இந்தப் பாம்பும் இல்லை. ஆகவே ‘உலகம் மாயை’ என்றால் ‘ஒன்றுமே இல்லை’ என்று அர்த்தமாகாது. இருப்பதை வேறொன்றாகப் பார்க்கிறோம் என்பதே அர்த்தம். அந்த இருப்பது பிரம்மம் என்பது அத்வைதம்.

சரி, பாம்பு பொய்யா? மகளிடம் திருப்பிக் கேட்டேன். “பொய்” என்றாள். “அப்ப உனக்கு நெஞ்சு ஏன் அடிச்சது?” கொஞ்ச நேரம் யோசித்தாள். முயலுக்குக் கொம்பு முளைத்ததாகச் சொன்னால் யாரும் பயந்து ஓடமாட்டார்கள், ஏனென்றால் முயற்கொம்பு எவர் கண்ணுக்கும் தோன்றுவதேயில்லை. இந்தப் பாம்போ தோன்றியது, பயமுறுத்தியது, பாயவும் வைத்தது. ஆகவே அதை ‘அறவே இல்லை’ என்று சொல்ல முடியாது. டோர்ச் அடித்ததும் இல்லாமல் போனதால் ‘உண்மையாக இருந்தது’ என்றும் சொல்ல முடியாது. இரண்டிலும் சேர்க்க முடியாத இதைத்தான் அநிர்வசனீயம் என்கிறார்கள். பொய் என்ற ஒற்றைச் சொல்லால் மாயையை மொழிபெயர்த்தால் இந்த நுணுக்கம் முழுக்கக் கைநழுவிப் போகிறது.

பாம்பை எப்படிப் போக்குவது? தடியால் அடித்தால் குழாய்தான் அடிபடும். மந்திரம் சொன்னாலும் நகராது. வெளிச்சம் ஒன்றுதான் வழி. வெளிச்சம் வந்ததும் பாம்பு எங்கேயும் ஓடி ஒளிவதில்லை, அங்கே எப்போதும் கிடந்தது குழாய்தான் என்று தெரிகிறது, அவ்வளவுதான். சடங்கு, தானம், தவம் எல்லாம் மனதைப் பக்குவப்படுத்தும், ஆனால் அறியாமையை அறிவு மட்டுமே நீக்கும் என்று சங்கரர் விடாப்பிடியாக நின்றதற்குக் காரணம் இதுதான்.

இனி அம்மப்பா. கயிற்றுப் பாம்பும் நாங்கள் வாழும் உலகமும் ஒரே தட்டில் இருப்பதாக அத்வைதிகள் சொல்வதில்லை. ஒருவருக்கு மட்டும் கொஞ்ச நேரம் தோன்றி மறையும் கயிற்றுப் பாம்பு பிராதிபாசிகம். எல்லாருக்கும் பொதுவாக, பசியும் பள்ளிக்கூடமும் பிறப்பும் இறப்புமாக நடக்கும் இந்த உலகம் வியாவகாரிகம். பிரம்மம் மட்டுமே பாரமார்த்திகம். அம்மாவின் கண்ணீர் இருப்பது நடுத்தட்டில், அங்கே அது முழு உண்மை. ஒருவர் தானே விசாரித்து அடுத்த தட்டுக்குப் போகலாம். அழுகிற ஒருவரை இன்னொருவர் அங்கே தள்ளிவிட முடியாது. பாம்பென்று நடுங்குகிறவருக்கு டோர்ச் கொடுக்காமல் “பாம்பு இல்லை, பேசாமல் இரு” என்பது என்ன உதவி? அந்த எட்டுச் செலவு வீட்டு ஆறுதலில் எனக்குப் பிடிக்காதது அதுதான்.

எங்கட பெற்றோர் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்களில் பலரின் வீட்டுச் சமயம் சைவ சித்தாந்தம். அதிலும் மாயை என்ற சொல் வருகிறது, ஆனால் கருத்து வேறு. அங்கே மாயை உள்பொருள், குயவனுக்கு மண் போல, இறைவன் உலகத்தை ஆக்குவதற்கான மூலப்பொருள். பதி, பசு, பாசம் மூன்றும் என்றுமுள்ளவை. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் பரபக்கத்தில் மாயாவாதத்தை எடுத்துவைத்து மறுக்கவே செய்கிறார். ஆகவே தமிழ்ப் பள்ளிச் சமயப் பாடத்தில் படித்த மாயையும் யோகா வகுப்பில் கேட்ட மாயையும் பிள்ளையின் தலையில் மோதினால், பிள்ளை குழம்பிவிட்டது என்று நினைக்க வேண்டாம். அவை உண்மையிலேயே மோதுகின்றன.

இவ்வளவும் கேட்டபிறகு மகள் கேட்டாள்: “குழாய் ஒண்டு, பாக்கிற நான் ஒண்டு. அப்ப ரெண்டு இருக்குத்தானே? பிறகென்ன ஒண்டு எண்டு சொல்லுறது?”

உவமை நொண்டுகிற இடத்தை அவள் பிடித்துவிட்டாள். அத்வைதம் என்றால் இரண்டில்லாதது, ஆனால் இந்தக் கதையில் பார்க்கிறவர் குழாய்க்கு வெளியில் நிற்கிறார். இன்னொரு குறையும் உண்டு: குழாயென்று தெரிந்தபின் பாம்பு திரும்பத் தெரிவதில்லை. ஞானிக்கோ உலகம் தொடர்ந்து தெரிகிறது. ரமண மகரிஷியிடம் இப்படி ஆட்சேபித்தவர்களுக்கு அவர் உவமையை மாற்றுவாராம். முதலில் கானல்நீர். அது பொய்யென்று தெரிந்த பின்னும் தெரிந்துகொண்டேதான் இருக்கும். ‘கானல்நீர் தாகம் தீர்க்காதே, உலகத்துத் தண்ணீர் தீர்க்கிறதே’ என்றால், அடுத்தது கனவு. கனவில் வரும் தாகத்தைக் கனவுத் தண்ணீர் தீர்க்கத்தான் செய்யும். அதோடு கனவில் வரும் பாம்பும் அதைக் கண்டு ஓடும் ‘நானும்’ ஒரே மனதில் எழுந்தவை. பார்க்கிறவர் வெளியில் நிற்கும் சிக்கல் அங்கே இல்லை.

“அப்ப கனவில ஓடுற நான் ஆர்? படுத்திருக்கிற நான் ஆர்?” என்றாள்.

1902இல் சிவப்பிரகாசம் பிள்ளை திருவண்ணாமலைக்குப் போய்க் கேட்ட முதல் கேள்வியும் கிட்டத்தட்ட இதுதான். ரமணர் அப்போது பேசுவதில்லை, பதில்களை எழுதியே காட்டினார். ‘நான் யார்?’ என்ற சிறு நூலாக வந்தது அதுதான். கயிறும் பாம்பும் அதிலும் வருகின்றன. முப்பது பக்கம்கூட வராத புத்தகம். இப்போது இருவரும் இரவில் ஒரு பக்கம், ஒரு பக்கமாக வாசிக்கிறோம். கடினமான சமஸ்கிருதச் சொற்களை அவளுக்காக நான் டேனிஷில் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘அதிஷ்டானம்’ என்பதற்கு இன்னும் சரியான சொல் கிடைக்கவில்லை. அவள் அதைக் ‘குழாய்’ என்றுதான் சொல்கிறாள்.