நிழலோடு சண்டை

2001ல் டெல்லியில், எங்கள் விடுதி மாடியில் இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அது என் அறை நண்பனுடையது. ஒரிசாக்காரன், எம்.சி.ஏ. படித்துக் கொண்டிருந்தான். நானோ தமிழ் எம்.ஏ. இரவு மெஸ் சாப்பாடு முடிந்ததும் இருவரும் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவோம். ஜோர்டான் மெக்னர் என்ற அமெரிக்கர் 1989ல் உருவாக்கிய 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' விளையாட்டு. 60 நிமிடங்களுக்குள் சிறையிலிருந்து தப்பி, கோபுரம் ஏறி, இளவரசியைக் காப்பாற்ற வேண்டும்.

பன்னிரண்டாம் கட்டம் வரை எங்களுக்குள் தகராறு இல்லை. காவலாளி வாளை வீசும்போது மேல் அம்புக்குறியை அழுத்தித் தடுப்பது, தடுத்த கையோடு Shiftஐத் தட்டிக் குத்துவது: இதுதான் நண்பனின் சூத்திரம். எல்லோரையும் அதில்தான் வீழ்த்தினான். பன்னிரண்டாம் கட்டத்தில் கோபுரத்தின் உச்சியில் எதிரே வந்து நின்றவன் வேறு மாதிரி. நான்காம் கட்டத்தில் கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாய்ந்தபோது இளவரசனிடமிருந்து பிரிந்து ஓடிய அவனுடைய நிழல்.

நண்பன் வழக்கம்போல் தடுத்தான், குத்தினான். நிழலின் உயிர் குறைந்தது, எங்களுடையதும் குறைந்தது. கடைசிக் குத்தில் நிழல் விழுந்தது, இளவரசனும் விழுந்தான். மறுபடி கோபுரத்தின் அடியிலிருந்து ஏற வேண்டும். கடிகாரமோ நிற்பதில்லை.

"அவனும் அதே நேரத்தில் குத்துகிறான். என் கைதான் தாமதம்" என்றான்.

நான் திரையின் அடிப்பகுதியையே பார்த்துக் கொண்டிருந்தேன். இடது மூலையில் உள்ள சிவப்பு முக்கோணங்கள் நமது உயிர், வலது மூலையில் உள்ளவை எதிரியின் உயிர். நாம் குத்தும்போதெல்லாம் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று மறைந்தது. அந்த நேரத்தில் நிழலின் வாள் நீளவே இல்லை. அப்படியானால் நம்மைக் குத்தியது யார்? இதை அவனிடம் சொல்ல வேண்டும். ஆனால் எனக்கு அப்போது ஹிந்தியில் காய்கறி வாங்கத் தெரியும், சண்டை போடத் தெரியாது. மூன்றாம் கட்டத்து எலும்புக்கூட்டை உதாரணம் காட்டினேன்: அது வாளுக்குச் சாகாது, பின்னால் தள்ளிக்கொண்டே போய்ப் பள்ளத்தில் விழவைக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே சூத்திரம் இல்லையே? "இலக்கியம் படிக்கிறவன் இதில் பேசாதே" என்றான். அதை மட்டும் இங்கிலீஷில் சொன்னான்.

நான்காம் நாள் இரவு ஒரு விபரீதம். அந்த விளையாட்டில் Ctrl+G அழுத்தினால் ஆட்டம் பதிவாகும்; ஆனால் ஒரே ஒரு பதிவுக்குத்தான் இடம். புதியது பழையதை அழித்துவிடும், மிச்சமிருக்கும் நிமிடமும் அதோடு பதிவாகும். 14 நிமிடங்கள் மிச்சமிருந்த எங்கள் பதிவின் மேல், தூக்கக் கலக்கத்தில் 6 நிமிடத்தோடு ஒன்றைப் பதிந்துவிட்டான். மூன்று வார உழைப்பு. அவனும் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் விடவில்லை. "உன் சூத்திரத்தைக் கோபுரத்திலிருந்து தள்ளு" என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் கத்தினேன். இரண்டு நாள் பேச்சு இல்லை. மெஸ்ஸில் தனித்தனி மேஜை.

மூன்றாம் நாள் அவன் வகுப்புக்குப் போனபின், அந்த 6 நிமிடத்தை எடுத்துக்கொண்டு ஏறினேன். என் விரல்கள் அவனுடையதைப் போல வேகமானவை அல்ல. இரண்டு முறை விழுந்தேன். உச்சிக்குப் போனபோது ஒரு நிமிடம்தான் மிச்சம். நிழல் வாளை உருவியது. நான் கீழ் அம்புக்குறியை அழுத்தி வாளை உறையில் போட்டேன். அதுவும் போட்டது. அதை நோக்கி ஓடினேன். ஒரு மின்னல், பிறகு இளவரசன் மட்டும்தான் நின்றான்.

மேற்கொண்டு போனால் தரை இல்லை. பள்ளம். என்ன செய்வதென்று விழித்துக் கொண்டிருக்கும்போதே நேரம் முடிந்தது. துணிந்து ஓடியிருந்தால் காலடியில் பாலம் தானாக முளைத்திருக்கும் என்பது பின்னால்தான் தெரிந்தது.

மாலையில் அவனிடம் சொன்னேன். நம்பவில்லை. செய்து காட்டவும் வழியில்லை. அந்த 6 நிமிடத்தில் என்னைப் போல் ஏறுகிறவனுக்கு மறுபடி அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. அவனுக்கு வேகம் இருந்தது. ஆனால் உச்சிக்குப் போன ஒவ்வொரு முறையும் குத்தினான்.

இப்போது அவன் ஹைதராபாத்தில் இருக்கிறான். போன மாதம் போனில் பேசும்போது, எங்கோ படித்ததைச் சொன்னேன். ஆப்பிள் டூ கம்ப்யூட்டரின் நினைவகம் நிரம்பிப் போய், புது எதிரியை வரைய மெக்னருக்கு இடமில்லையாம். அதனால் இளவரசனின் படங்களையே கொஞ்சம் மாற்றி நிழலாக்கிவிட்டார். எதிர்முனையில் சற்று நேரம் சத்தமில்லை.

"சரி, வாளை உறையில் போட எந்தக் கீ?" என்று கேட்டான். சொன்னேன்.

"அந்தக் கம்ப்யூட்டரில் அந்தக் கீ சரியாக வேலை செய்ததில்லை" என்றான்.