வழுவழுப்பு

முப்பது வயதுவரை அதை நோயென்றே நினைத்திருந்தேன். மாதத்தில் நாலைந்து நாள், முட்டையின் வெள்ளைக்கரு போல, விரலிடையில் இழுத்தால் நூலாக நீளும் ஈரம். உடம்புச் சூடு என்று அம்மா வெந்தயம் ஊறவைத்துத் தருவாள். அரிப்போ துர்நாற்றமோ இருந்தால்தானே நோய்?

சினைப்பையில் முட்டை முதிரும்போது சுரக்கும் ஈஸ்ட்ரோஜன்தான் கருப்பை வாயின் சளியை அப்படி இளக்குகிறது. அந்த ஈரத்தில் விந்தணு ஐந்து நாள் வரை உயிரோடிருக்கும். வெளிவந்த முட்டைக்கோ ஒரு நாள்தான் ஆயுள்.

குழந்தைக்காகக் காத்திருந்தபோது 14ஆம் நாளைக் குறித்துக் கொடுத்தார்கள். என் சுழற்சியோ 35 நாள். குறித்துப் பார்த்த மாதம், வழுவழுப்பு 17ஆம் நாள் தொடங்கி 21இல் வற்றியது. மறுநாள் காலை, படுக்கையைவிட்டு எழுமுன் பார்த்த உடல்வெப்பம் 0.3 டிகிரி செல்சியஸ் ஏறி, அப்படியே நின்றது. முட்டை வெளிவந்த பிறகே ஏறும் வெப்பம் அது. உடம்பு முன்கூட்டிச் சொன்னது ஈரத்தில்தான். இரண்டு வருடமாக நாங்கள் மாதந்தோறும் ஒரு வாரம் முந்திக்கொண்டிருந்தோம்.