மேடையில் ஒரு பொம்மை முதலை



போன ஞாயிறு கும்பகோணத்தில் நம் பள்ளிப் பிள்ளை ஒருவனின் கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளையும் என் மாணவன். அவனுடைய உயிர்த் தோழனும் என் மாணவன்தான், ஒரே பெஞ்சு. பௌதிக வகுப்பில் இரண்டு பேரையும் பிரித்து உட்கார வைத்தும் பயனில்லாமல் போன கதை அந்த செட்டுக்குத் தெரியும். பெயர் போடவில்லை. காரணம் படித்து முடிக்கும்போது புரியும்.

வரவேற்புக்கு மூன்று வாரம் முன்பு தோழன் என் வீட்டுக்கு வந்தான். கையில் ஐந்து பக்கம்.

"சார், மேடையில பேசப் போறேன். ரெண்டு பேருக்கும் பிடிச்ச தொடர் பொன்னியின் செல்வன். அதுலேர்ந்தே பேச்சு முழுக்க. நீங்க திருத்திக் குடுக்கணும்."

நான் தமிழாசிரியர் இல்லையே என்றேன். "அதனாலதான் சார் வந்தேன். தமிழய்யான்னா இன்னும் அஞ்சு பக்கம் சேத்துடுவார்" என்றான்.

மாப்பிள்ளையும் பெண்ணும் சென்னையில் ஒரே அலுவலகம். புத்தகக் காட்சியில் ஆளுக்குப் பாதிப் பணம் போட்டு ஐந்து பாகமும் வாங்கியிருக்கிறார்கள். ஒன்று, மூன்று, ஐந்து அவளிடம். இரண்டும் நான்கும் இவனிடம். ஒரு பாகம் முடித்தவர் அடுத்ததற்கு மற்றவரிடம் போய்த்தான் ஆக வேண்டும். அப்படித்தான் தொடங்கியிருக்கிறது.

ஐந்து பக்கத்தையும் அவனையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினோரு நிமிஷம். பதினாலு துணுக்குகள். வீராணம் ஏரிக்கு எத்தனை கணவாய், ஐந்து பாகங்களின் பெயர் என்ன, ஓவியம் வரைந்தது யார், ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று கேள்வி கேட்டு, பதில் சொல்பவருக்கு சாக்லேட். பெண்ணின் பெரியப்பாவுக்குப் பெரிய பழுவேட்டரையர் என்று ஒரு பட்டம் வேறு.

அந்தப் பட்டம்தான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. இந்தக் கல்யாணம் எளிதாக நடக்கவில்லை. வேறு வேறு சாதி. பெண்ணுக்கு அப்பா இல்லை, பெரியப்பாதான் எல்லாம். அவர் சம்மதிக்க மூன்றரை வருஷம் ஆயிற்று. சம்மதித்த பிறகும் அவர் பக்கத்து உறவுகள் கடமைக்காகத்தான் வரப் போகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

"டேய், பழுவேட்டரையர்னா வீரர்னு நீ நினைக்கிறே. கதை தெரிஞ்சவனுக்கு வயசான காலத்துல நந்தினியைக் கட்டிக்கிட்டு ஏமாந்தவர்தான் ஞாபகம் வருவார். அவர் சபையை விட்டு எழுந்து போனா உன் நண்பன் கல்யாணம் என்ன ஆகும்?" என்றேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. சிரிப்புக்காகத்தான் எழுதியிருந்தான்.

பிறகு உள்ளே இருந்த என் மாமியாரைக் கூப்பிட்டேன். எண்பத்திரண்டு வயது, பொன்னியின் செல்வன் படித்ததே கிடையாது. அவருக்குப் படித்துக் காட்டச் சொன்னேன். மூன்றாவது துணுக்கில் கண் செருகிவிட்டது. முதலை வந்த இடத்தில் மட்டும் நிமிர்ந்து, "அப்புறம்?" என்று கேட்டார்.

அந்த "அப்புறம்"தான் அளவுகோல் என்று சொன்னேன். கதை படிக்காதவருக்கும் இரண்டு மூன்று வாக்கியத்தில் புரிய வேண்டும். அதோடு, நண்பன் வாழ்க்கையில் நீ கண்ணால் பார்த்த ஒன்றோடு அது ஒட்ட வேண்டும். இந்த இரண்டும் இல்லாத துணுக்கு, உனக்கு எவ்வளவு தெரியும் என்பதைத்தான் காட்டும், அவர்களைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஓவியர் மணியம் பெயர் நல்ல தகவல்தான். ஆனால் அதற்கும் மாப்பிள்ளைக்கும் என்ன சம்பந்தம்? கரிகாலன் கொலை வரவேற்பு மேடைக்கே ஆகாது. கடைசியில் மணிமேகலை உயிர் விடுவதும் அப்படித்தான். பதினாலில் மூன்று மிஞ்சியது.

முதலாவது, முதலை. முதல் பாகத்தில் வந்தியத்தேவன் குதிரையில் அரிசிலாற்றங்கரை வழியாக வருகிறான். பெண்கள் அலறும் சத்தம் கேட்கிறது. ஓடிப் போய்ப் பார்த்தால் கரையில் வாயைப் பிளந்துகொண்டு ஒரு முதலை. உடனே வேலை எறிகிறான். பெண்கள் எல்லோரும் சிரிக்கிறார்கள். அது உயிரில்லாத முதலை, வானதியின் தைரியத்தைச் சோதிக்கத் தோழிகள் செய்த விளையாட்டு. குந்தவை முன்னால் வீரன் அசடு வழிந்து நிற்கிறான்.

"இதுக்கு உன் நண்பன்கிட்ட என்ன இருக்கு?" என்று கேட்டேன். யோசித்தான், பிறகு அவனே சிரிக்க ஆரம்பித்துவிட்டான். மூன்று பேரும் ஒரே வளாகத்தில் வேலை. ஒருநாள் தீ எச்சரிக்கை மணி அடித்திருக்கிறது. எல்லோரும் நிதானமாக இறங்கி வர, நம் மாப்பிள்ளை மட்டும் கூட்டத்துக்கு எதிரே நாலு மாடி ஏறிப் போய் அந்தப் பெண்ணைக் கையைப் பிடித்துக் கீழே கூட்டி வந்திருக்கிறான். கீழே காவலாளி ஒருவர் நோட்டும் பேனாவுமாகத் தலை எண்ணிக்கொண்டிருந்தாராம். அது ஒத்திகை. காலையிலேயே எல்லோருக்கும் மின்னஞ்சல் வந்திருக்கிறது, இவன் ஒருவன்தான் படிக்கவில்லை. தோழன் டீக் கிளாஸோடு பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான். பதினாலு துணுக்கு சேர்த்தவன் இதை எழுதவே இல்லை!

ஒரு சொல்லை மட்டும் மாற்றச் சொன்னேன். "செத்த முதலை" என்று எழுதியிருந்தான். மங்கல மேடையில் அது வேண்டாம், "பொம்மை முதலை" என்று சொல் என்றேன்.

இரண்டாவது, காத்திருப்பு. கல்கி இதழில் அந்தத் தொடர் 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே மாதம் முடிந்தது. வாரா வாரம் மூன்றரை வருஷம் வாசகர்கள் காத்திருந்தார்கள். இவர்களும் அதே மூன்றரை வருஷம். இதை வைக்கலாமா என்று வெகுநேரம் பேசினோம். யாருக்காகக் காத்திருந்தார்கள், ஏன் என்ற பேச்சே இல்லாமல், காலத்தை மட்டும் சொல்வது என்று முடிவாயிற்று.

மூன்றாவது, கல்யாணம். "அஞ்சாம் பாகம் முடிவுல வந்தியத்தேவனுக்கும் குந்தவைக்கும் கல்யாணம் நடக்கிற மாதிரி" என்று எழுதியிருந்தான். புத்தகத்தை எடுத்துக் காட்டு என்றேன். தேடினான், அந்தக் காட்சி இல்லை. அத்தனை பக்கம் காத்திருந்த கல்யாணம் கதைக்குள் நடப்பதே இல்லை. அது நடந்தது என்று நமக்குச் சொல்வது தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு. அதில் குந்தவை, ராஜராஜனின் அக்காவாகவும் வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியாகவும் குறிக்கப்படுகிறார். அவன் தலையில் அடித்துக்கொண்டான். சபையில் ஒருவர் படித்திருந்தால் போதும், மானம் போயிருக்கும்.

நாலு நிமிஷமாகச் சுருங்கியது. எப்போது பேசுவது என்பதும் முக்கியம். நம் ஊர் வரவேற்பில் மேடையில் வரிசை ஆரம்பித்துவிட்டால் மொய்க் கவரும் போட்டோவும்தான். மெல்லிசைக்காரர்கள் வேறு. அதனால் மாப்பிள்ளையும் பெண்ணும் வந்து உட்கார்ந்தவுடன், வரிசை தொடங்கும் முன், பாட்டை ஐந்து நிமிஷம் நிறுத்தித் தரும்படி முன்கூட்டியே பேசி வைத்தான்.

அன்று மண்டபத்தில் இடது பக்கம் மாப்பிள்ளை வீடு, வலது பக்கம் பெண் வீடு. நடுவில் இருந்த வழியை யாரும் தாண்டவில்லை. பெரியப்பா முதல் வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு.

முதலைக்கு இடது பக்கம் வயிறு குலுங்கச் சிரித்தது. "இந்த மண்டபத்துலேர்ந்து கொஞ்ச தூரத்துல ஓடுதே அரசலாறு, அதான் அந்த அரிசிலாறு" என்று அவன் சொன்னதும் வலது பக்கத்திலும் சில தலைகள் திரும்பின. பெரியப்பா கை கட்டியபடியே இருந்தார்.

அடுத்து காத்திருப்பு. பையனுக்குப் பதற்றம். ஐந்து பாகம் என்பது நாக்கில் நின்றுவிட்டது போலிருக்கிறது. "அந்தக் காலத்துல வாசகர்கள் இந்தக் கதைக்காக அஞ்சு வருஷம் காத்திருந்தாங்க" என்று சொல்லிவிட்டான். எனக்கு நெஞ்சு திக்கென்றது. இனி அடுத்த வரி ஒட்டாதே!

முதல் வரிசையிலிருந்து ஒரு குரல்.

"மூன்றரை வருஷம், தம்பி. அஞ்சு பாகம், மூன்றரை வருஷம்."

பெரியப்பாதான். பின்னாளில் கல்கியில் அதை மறுபடி தொடராக வெளியிட்டார்களே, அப்போது வாரா வாரம் பக்கங்களைப் பிரித்தெடுத்துத் தைத்து வைத்தவராம் அவர். அது எங்கள் யாருக்கும் தெரியாது, பெண்ணைத் தவிர.

மண்டபம் அமைதியாகிவிட்டது. பையன் கையில் இருந்த தாளில் அடுத்த வரி, "இவர்கள் காத்திருந்ததும் அதே மூன்றரை வருஷம்." அவன் தாளைப் பார்த்தான், பெரியப்பாவைப் பார்த்தான். "ஆமா பெரியப்பா. மூன்றரை வருஷம்தான்" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட்டான்.

அந்த வரியைப் படிக்கவே இல்லை. படித்திருந்தால் குத்திக் காட்டியதாகியிருக்கும். சொன்னது அவர் வாய், கணக்கும் அவருடையது. கட்டியிருந்த கையை மெல்லப் பிரித்து முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு கல்வெட்டைச் சொல்லி, "கதையில காட்டாத கல்யாணத்தை இன்னிக்கு நாம எல்லாரும் நேர்ல பாத்துட்டோம். இனிமே அஞ்சு பாகமும் ஒரே அலமாரியில இருக்கும்" என்று முடித்தான். பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டது. மாப்பிள்ளை வழக்கம்போல அசடு வழிந்தான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் பெரியப்பா போட்டோவுக்குக் கடைசியாகத்தான் வந்தார், ஓரமாகத்தான் நின்றார். பந்தியில் தோழன் எனக்குப் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவர் கை கழுவி வருகிற வழியில் அவன் பின்னால் நின்றார்.

"அந்தக் கல்வெட்டு கோயில்ல எந்தப் பக்கம்? எத்தனையோ தடவை போயிருக்கேன், கவனிச்சதில்லை" என்றார்.

அவன் எழுந்து நிற்கப் போனான். "உக்காந்து சாப்பிடு" என்று தோளை அழுத்திவிட்டு, "அவங்க ரெண்டு பேரும் மறுவீட்டுக்கு வரப்போ நீயும் வா. தஞ்சாவூர் போயிட்டு வரலாம்" என்று சொல்லிப் போனார்.

பையனுக்கு ரசம் ஊற்ற வந்தவர் இரண்டு தடவை கேட்டும் காதில் விழவில்லை.

அன்புடன்,
உங்கள் பௌதிக வாத்தியார்